மூன்றாம் மரத்துத் தகடு

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு மைக்கூட்டைத் தூக்கிச் சக மாணவியின் முகத்தில் எறிந்தேன். குறி தப்பவில்லை. புருவத்துக்கு மேலே கிழிந்து, மையும் ரத்தமும் சேர்ந்து அவள் வெள்ளைத் தாவணியில் வழிந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். முதல் மைக்கூட்டை எறிந்தவளும் நானாகத்தான் இருப்பேன்.

சண்டை வந்தது கடவுளால். சமய அனுபவத்திலிருந்து கடவுள் இருப்பதை நிறுவ முடியுமா என்று வகுப்பில் பேச்சு நடந்தது. அந்தப் பெண் எழுந்து, கிராமத்தில் சாமியாடுகிறவர்களுக்கு வருவது இசிவு நோய், பட்டினி கிடந்து மேளச் சத்தத்தில் பிதற்றுவதை அனுபவம் என்று சொல்லக் கூடாது என்றாள். வகுப்பே சிரித்தது. என் அப்பா சாமியாடுகிறவர். இருபது வருடமாகக் கருப்பசாமி அவர் மேல் வருகிறது. சிரிப்பு அடங்குவதற்குள் மைக்கூடு என் கையைவிட்டுப் போய்விட்டது.

பேராசிரியை என்னைக் கல்லூரியை விட்டு விலக்கியிருக்கலாம். அவர் கறாரான மனுஷி, சிரித்துப் பார்த்ததில்லை. அறைக்கு அழைத்து, அப்பாவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவ சொன்னது ஒரு வாதம். நீ எறிஞ்சது வாதம் இல்லை. லீவுல வீட்டுக்குப் போய் உன் வாதத்தை எழுதிட்டு வா. உங்க அப்பாவையே சாட்சியா வை. ஆனா சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணாம விட்டா, நீ மறுபடி இங்க வர வேண்டாம்" என்றார்.

அதனால் அந்தச் சித்திரையில் நான் மலை ஏறியபோது பெட்டியில் துணியைவிடக் காகிதம் அதிகம் இருந்தது.

பெரும்பாறைக்குக் கீழே எங்கள் தோட்டம். காப்பி, மிளகு, நடுவில் கமலா ஆரஞ்சு. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். அப்பா அதிகம் பேச மாட்டார். குடிக்க மாட்டார், பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சாமி கும்பிடுக்கு முன்னால் இருபத்தொரு நாள் ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. உடுக்கை அடிக்க ஆரம்பித்ததும் முதலில் அவருடைய கால் கட்டைவிரல் துடிக்கும். பிறகு தொடை, பிறகு தோள். அரிவாளைக் கையில் வாங்கிய பிறகு அவர் என் அப்பா இல்லை. குரல் மாறிவிடும். என்னைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையில் வைத்திருப்பார், தோல் பொரிந்து நாறும், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. மறுநாள் காலையில் கையைப் பார்த்துவிட்டு, "சுட்டுருக்கே" என்பார்.

சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன், சாமி வரும்போது எப்படியப்பா இருக்கும் என்று. "நான் சின்னதாயிருவேன். பெருசா ஒண்ணு வந்து பக்கத்துல நிக்கும். நிக்குதுன்னு உறுதியாத் தெரியும். இந்த மரம் நிக்கிறது எப்பிடித் தெரியுது, அதவிட உறுதியாத் தெரியும்" என்றார்.

அந்த வாக்கியத்தின் மேல்தான் என் கட்டுரையைக் கட்டினேன். காப்பிக் களத்தை ஒட்டிய ஓட்டு அறையில் மேசை போட்டு உட்கார்ந்து, மூன்று நாளில் முதல் பாதியை எழுதினேன். இங்கிலீஷில் எழுதினேன், நினைத்தது தமிழில். சாரம் இதுதான்: ஒருவருக்கு ஒன்று எதிரே இருப்பதாகத் தெரிந்தால், அது இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நியாயம், சந்தேகப்பட ஒரு காரணம் கிடைக்கும் வரை. மரம் தெரிகிறது என்றால் மரம் இருக்கிறது என்கிறோம். முதலில் கண்ணைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகா மரத்தை நம்புகிறோம்? அப்படிச் சோதிக்கவும் ஒரு கண் வேண்டுமே. கண்ணுக்குக் கொடுக்கிற நம்பிக்கையை அப்பாவின் அனுபவத்துக்கு மட்டும் மறுப்பது ஓரவஞ்சனை.

சந்தேகப்படக் காரணம் உண்டா என்று அடுத்துப் பார்த்தேன். குடித்திருந்தாரா? இல்லை. ஆதாயம் உண்டா? வெந்த கைதான் ஆதாயம். பொய்யரா? இல்லை. பட்டினியும் மேளமும் அதை உண்டாக்குகின்றன என்றாளே அந்த மைக்கூட்டடி வாங்கியவள், அவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஓர் அனுபவத்துக்கு உடம்பில் காரணம் இருப்பதாலேயே அது பொய் ஆகாது. மரத்தைப் பார்ப்பதற்கும்தான் கண்ணிலும் மூளையிலும் காரணம் இருக்கிறது, அதனால் மரம் இல்லாமல் போய்விடுமா? பட்டினி கண்ணைக் கெடுக்கவும் செய்யலாம், திறக்கவும் செய்யலாம். எது என்று பட்டினியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லோருக்கும் வரவில்லையே என்றால், பாட்டில் சுருதி பிசகியதும் எல்லோருக்குமா கேட்கிறது என்று எழுதினேன். எழுதிவிட்டு, அவள் புருவத்தில் இரண்டாவது மைக்கூட்டை எறிந்த திருப்தியுடன் கஞ்சி குடிக்கப் போனேன்.

ஆனால் ஓர் இடம் இடித்தது. மரம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் போய்த் தொட்டுப் பார்க்கலாம், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டலாம். சாமியை எப்படித் தொட்டுப் பார்ப்பது? சரிபார்க்க வழியே இல்லாத பார்வையைப் பார்வை என்று சொல்லலாமா? 'எனக்கு அப்படித் தெரிகிறது' என்பதோடு நின்றால் யாரும் மறுக்க முடியாது, ஆனால் அது அப்பாவின் மனதைப் பற்றிய செய்தி. 'அங்கே ஒன்று இருக்கிறது' என்று சொன்ன கணத்தில் சரிபார்ப்புக்கு உட்பட்டாக வேண்டும். பேராசிரியை அந்த இடத்தில்தான் கத்தியை வைப்பார் என்று தெரியும். பாதிப் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

அந்த வருடம் ஆரஞ்சு மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. இலை நரம்பு தவிர மற்றதெல்லாம் மஞ்சளாகி, கொப்பு நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து, காய் எலுமிச்சை அளவுக்குக் குறுகி உதிர்ந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு வேறு காரணம் பேசினார்கள். முந்தின வருடம் எங்கள் ஆரஞ்சு மரத்திலிருந்து ஏணி சரிந்து ஒரு கூலியாள் விழுந்து கழுத்து முறிந்து செத்துப்போனான். ஏணி உளுத்திருந்தது. சித்தப்பாவுக்கு அது தெரியும். பிணத்தை எடுத்த அன்று அவன் பெண்டாட்டி எங்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புருசன விழுங்குன மரம் ஒண்ணுகூட நிக்காது" என்றாள். அவளுக்கு முப்பது வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கீழ்க்காட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் தனியாக இருந்து எங்களிடமே பழம் பறித்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கே போவாள்?

சாமி கும்பிடு அன்று விடிந்ததும் கிடா வெட்டினார்கள். அப்பா மேல் கருப்பு வந்து, வெட்டின கழுத்தில் வாய் வைத்து உறிஞ்சியது. முகம், மார்பு, வேட்டி எல்லாம் ரத்தம். சித்தப்பா முன்னால் போய்க் கும்பிட்டு, "மரமெல்லாம் பட்டுப்போகுதே சாமி, என்ன குத்தம், சொல்லணும்" என்று கேட்டார். கருப்பு அரிவாளைச் சுழற்றித் தரையில் கொத்தியது. "மேக்க வேலியோரம் மொத வரிசையில மூணாவது மரம். தோண்டிப் பாருடா. வேர்ல தகடு கெடக்கு. மண்ணத் தூத்துனவ வச்ச தகடு. அவ பல்லத் தட்டு."

செய்வினை செய்கிறவர்களின் முன்பல்லைத் தட்டிவிட்டால் மந்திரம் உச்சரிக்க வராது, வைத்த வினையும் விலகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சொல்லக் கேட்டிருக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

கூட்டம் மேற்கு வேலிக்கு ஓடியது, நானும் ஓடினேன். மூன்றாவது மரத்தடியில் நாலு பேர் மண்வெட்டி போட்டார்கள். முழங்கால் ஆழத்தில் வேருக்கு நடுவே கறுத்த ஈயத் தகடு ஒன்று, உள்ளங்கை அகலத்தில் வந்தது. அதில் சுழித்துச் சுழித்துக் கோடு, நடுவில் புள்ளிகள். சக்கரம் வரைந்திருக்கிறது என்று சித்தப்பா அதைத் தூக்கிக் காட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். சந்தோஷம். உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கட்டுரையில் எது இல்லையோ அது கிடைத்துவிட்டது. சாமி ஒன்றைச் சொன்னது, பத்துப் பேர் பார்க்கத் தோண்டினார்கள், சொன்ன இடத்தில் சொன்ன பொருள் இருந்தது. இதைவிட என்ன சரிபார்ப்பு வேண்டும்? லயத்திலிருந்து அந்த அக்காவை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. நான் எதிர்ப்பக்கமாக, மேசைக்கு ஓடினேன்.

இரண்டு பக்கம் எழுதினேன். கையெழுத்து பறந்தது. சன்னல் வழியே சாட்டை விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது, ஒவ்வோர் அடிக்கும் பின்னால் அவள் குரல். "நான் வைக்கல சாமி" என்றாள். பிறகு "நான் வைக்கல" என்று மட்டும். பிறகு சொல் இல்லாத சத்தம். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன், கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பத்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பத்தி நன்றாக வந்துகொண்டிருந்தது.

நிறுத்தியது இரக்கம் இல்லை, வர்ணனை. தகட்டைச் சரியாக வர்ணிக்காவிட்டால் பேராசிரியை மதிக்க மாட்டார். எத்தனை புள்ளி, கோடு எப்படிப் போகிறது என்று பார்க்கக் கோயிலுக்குப் போனேன். பீடத்தின் முன்னால் மஞ்சள் தண்ணீரில் தகட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். காவலுக்கு ஆள் இல்லை, எல்லோரும் அடிக்கிற இடத்தில் இருந்தார்கள். எடுத்துத் தாவணியில் துடைத்தேன். ஒரு மூலையில் ஓட்டை, அதில் துருப்பிடித்த கம்பி முறுக்கு. பின்பக்கத்தில் அச்சில் அடித்த எண் ஒன்று. முன்பக்கத்தில் மூன்று புள்ளி, அதைச் சுற்றி வளைந்து வளைந்து போய்த் தொடங்கின இடத்திலேயே முடிகிற ஒரே கோடு.

அது சிக்குக் கோலம். நான் போட்டது.

ஆறு வயதில். ஆரஞ்சு நாற்று மலைக்கு மேலே இருந்த நாற்றுப் பண்ணையிலிருந்து ஜீப்பில் வந்தது. ஒவ்வொரு நாற்றின் கழுத்திலும் எண் போட்ட ஈயத் தகடு கம்பியால் கட்டித் தொங்கியது. அம்மா அப்போதுதான் கோலம் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆணியால் தகட்டில் கீறினால் பால் போலக் கோடு விழும். முதல் மரத்துக்கு ஒரு புள்ளிக் கோலம், இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி வரிசையாகப் போட்டுக் குழிக்குள் வேரோடு வைத்தேன். மரத்தோடு கோலமும் வளரும் என்று நினைப்பு. அப்பா சிரித்துக்கொண்டே மண்ணைத் தள்ளி மூடினார். ஐந்தாவது மரத்தோடு எனக்கு அலுத்துவிட்டது.

அப்பா மூடினார். அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தது மறந்துபோய், மறந்தது எங்கேயோ அடியில் கிடந்து, உடுக்கைச் சத்தத்தில் கருப்பின் குரலாக மேலே வந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. மண்ணைத் தூற்றினவள் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை, ஒரு வருடமாக எங்கள் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான்.

ஓடினேன். அவளை மூன்றாவது மரத்தில் கட்டியிருந்தார்கள். ரவிக்கை கிழிந்து முதுகில் சாட்டைக் காயத்தோடு ஒட்டிக் கிடந்தது. சித்தப்பா ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் அம்மிக் குழவி அளவுக்கு ஒரு கல் வைத்திருந்தார். வாயிலிருந்து ரத்தம் கோழையோடு இறங்கிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டு ஏற்கெனவே மண்ணில் கிடந்தன. நான் மேசையில் இருந்த நேரத்தில் விழுந்த பல்.

"விடுங்க சித்தப்பா. அது நான் வச்ச தகடு."

"ஏத்தா, அங்கிட்டுப் போ. படிச்ச கழுதைக்கு இங்க என்ன சோலி" என்றார் சித்தப்பா. கல் மறுபடி உயர்ந்தது.

பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவர் மணிக்கட்டில் பின்பக்கத்தால் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கல் விழுந்தது, அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து ஊளையிட்டார். அதற்குள் கருப்பு என் முன்னால் வந்துவிட்டது. ரத்தம் காய்ந்த முகம், என்னைத் தெரியாத கண். விட்ட அறையில் நான் வேலிக்கல்லில் போய் விழுந்தேன். இடது காது அன்றிலிருந்து பாதிதான் கேட்கிறது.

"சாமி வாக்குப் பொய்க்குமாடி" என்றது.

சாமியிடம் எப்படி வாதாடுவது என்று எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுந்து நின்று, நாலாவது மரத்துக்கு முன்னால் விரலால் மண்ணில் நாலு புள்ளி வைத்தேன். சுற்றிக் கோடு இழுத்து முடித்தேன். "இந்த மரத்தையும் தோண்டுங்க. இதே கோலம் வேர்ல இருக்கும். வித்தியாசமா இருந்தா இல்ல ஒண்ணுமே இல்லைன்னா எம் பல்லையும் தட்டுங்க."

யாரும் அசையவில்லை. நானே தோண்டினேன். சூரியன் உச்சிக்கு வரும் வரை தோண்டினேன், ஒரு கை உதவிக்கு வரவில்லை. பயமாக இருந்தது. பதின்மூன்று வருடத்தில் வேர் எதை எங்கே தள்ளியிருக்குமோ. கடைசியில் மண்வெட்டி உலோகத்தில் இடித்தது. துடைத்து, மண்ணில் போட்ட கோலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அவ எல்லா மரத்துலயுந்தான் வச்சிருக்கா" என்று தரையில் கிடந்த சித்தப்பா முனகினார். அவருக்கு நான் என்ன தோண்டிக் காட்டினாலும் போதாது.

ஆனால் அப்பா பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் துடிப்பு நின்றது, பிறகு தொடை, கடைசியில் கட்டைவிரல். அரிவாளைக் கீழே வைத்தார். குரல் அப்பாவுடையது. "நான்தான மண்ணத் தள்ளுனேன்" என்றார். மரத்தில் கட்டியிருந்தவளைத் திரும்பிப் பார்த்து, அங்கேயே வாந்தி எடுத்தார். கிடாய் ரத்தம் அப்படியே வந்தது.

அன்று மத்தியானமே தாண்டிக்குடி வழியாகக் கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போனோம். முன்னால் அப்பா, பின்னால் அவள் தலை என் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் வாயிலிருந்து ரத்தம் என் தாவணியில் வழிந்தது. உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மா யார் அடித்தது என்று கேட்டார். "நான்" என்றார் அப்பா. கல்லை எடுத்தது அவர் தம்பி என்று சொல்லவில்லை. போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அவள் புகார் கொடுக்க மறுத்துவிட்டாள். எங்கள் தோட்டத்து ஆள் அவள், யாரை எதிர்த்துப் புகார் கொடுப்பாள்?

அப்பா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு. "வந்தது சாமிதான் தாயி. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. பேசுனது யாருன்னுதான் தெரியல." நான் மூன்று நாளாக மூளையைக் கசக்கியும் பிடிபடாத இடத்தை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமும் பிரியமும் ஒரே நேரத்தில் வந்து அழுகை வந்தது.

ஊரில் வேறு மாதிரி முடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு வந்தது கருப்பே இல்லை, விரதத்தில் ஏதோ பிசகி கெட்டது ஒன்று வந்து பேசிவிட்டது என்றார்கள். அது என் கட்டுரைக்குப் பயன்பட்டது. நல்லதைச் சொன்னால் சாமி, கெட்டதைச் சொன்னால் பேய் என்று பிரிக்கிறோம். அப்படியானால் நல்லது எது என்று அளக்கிற கோல் நம் கையில் முன்பே இருக்கிறது. அந்தக் கோல் அனுபவத்திலிருந்து வந்ததில்லை, அனுபவத்தையே அது அளக்கிறது. விளைவைப் பார்த்து அனுபவத்தை நம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்று எழுதினேன்.

பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை. நம்பிக்கைக் கொள்கை நிற்கிறது என்றேன்: தெரிவதை நம்பலாம், காரணம் வரும்வரை. காரணம் எப்படி வரும் என்பதைத்தான் மாற்றினேன். உடம்பில் ஒரு காரணம் இருப்பது போதாது. அங்கே ஒன்றுமே இல்லாமல் இருந்தாலும் அதே அனுபவம், அதே சொல் வந்திருக்கும் என்று காட்ட வேண்டும். தகட்டைப் பொறுத்தவரை அதைக் காட்ட முடிந்தது, மறந்த ஞாபகமே போதும். அதனால் சாமி இல்லை என்று ஆகிவிடாது. சாமிக்கு ஆதரவாக நின்ற அந்த ஒரு தூண் விழுந்தது, அவ்வளவுதான்.

பிறகு முரண்பாடு. அடிவாரத்தில் மாதாவைக் கண்டவர்கள் உண்டு, பழனிக் கடைவீதி பள்ளிவாசலில் உருவமே இல்லாத ஒன்றின் முன்னால் கரைந்தவர்கள் உண்டு. எல்லோரும் ஒன்றையே வெவ்வேறு பெயரில் உணர்கிறார்கள் என்று சொல்லலாம். சொன்னால், பொதுவாக மிஞ்சுவது 'என்னைவிடப் பெரியது ஒன்று பக்கத்தில் நிற்கிறது' என்பது மட்டும். அது உலகத்தைப் படைத்ததா, எல்லாம் தெரிந்ததா, நல்லதா என்பது அந்த நிற்பதில் இல்லை, அதையெல்லாம் நாம் கொண்டுவந்து சேர்க்கிறோம். ஆகவே இந்த வாதம் வெறும் பேச்சு இல்லை. அனுபவம் உள்ளவருக்கு ஓரளவு எடை கொடுக்கிறது, கேள்விப்படுகிறவர்களுக்கு அதைவிடக் குறைவான எடை. ஆனால் தனியாக நின்று கடவுள் வரை போய்ச் சேராது. ஒரு பெண்ணின் பெயர் வரைக்கும் நிச்சயமாகப் போகாது. இப்படி முடித்தேன்.

கட்டுரை நல்ல மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே குறிப்பு: தகடு கிடைத்ததற்கும் நீ அதைக் கையில் எடுத்துப் பார்த்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? சாட்சிகளை எல்லாம் விசாரித்தாய், ஒருத்தியை விட்டுவிட்டாய்.

அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புருவத்தில் தழும்போடு அந்தப் பெண் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், முறைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆரஞ்சு மரம் அடுத்த இரண்டு வருடத்தில் ஒன்று மிச்சமில்லாமல் பட்டுப்போனது. தாண்டிக்குடியிலிருந்து வந்த விவசாய ஆபீசர், மலை முழுக்கப் பரவுகிற நோய் என்று சொல்லிவிட்டு, வெட்டி எரிக்கச் சொன்னார். சித்தப்பா வளைந்த மணிக்கட்டோடு எரித்தார். அடுத்த சித்திரையில் அப்பா விரதம் இருக்க மாட்டார் என்று நினைத்தேன். இருந்தார். உடுக்கை அடிப்பதற்கு முன்னால் ஒரு முழத்துணியைச் சுருட்டி வாயில் திணித்து, தலையோடு சுற்றிக் கட்டிக்கொண்டார். கருப்பு வந்தது, ஆடியது, சூடம் கையில் எரிந்தது. ஜனங்கள் முன்னால் வந்து குறை கேட்டார்கள். துணிக்குள்ளிருந்து உறுமல் மட்டும் வந்தது. சாகும் வரை ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் ஆடினார்.

அந்த அக்கா லயத்தை விட்டுப் போகவில்லை. அப்பா அவள் பெயருக்கு ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள், கும்பிடவில்லை. நான் அடுத்த லீவில் போய் அவள் லயத்து வாசலில் நின்றேன். மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. பல் இல்லாத இடத்தில் காற்று போய், சொல் வழுகி வந்தது.

"அந்தக் கோலம் நீ போட்டதுதான பாப்பா."

"ஆமாக்கா."

"அத எடுத்துப் பாத்தவொடனே ஓடியாந்துட்ட. அது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி, அம்புட்டு நேரமும் எங்க இருந்த? நான் கத்துனது கேக்கலியா?"

கேட்டது என்றேன். சாமி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கொத்தை எடுத்தாள்.